வீட்டிலேயே பலூன், பூ, துணித் திரை அலங்காரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கை மகளுக்குப் பெயர் சூட்டியபோது வீட்டுக் கூடத்தில் நானும் தங்கை கணவரும் ஓர் அலங்காரம் செய்தோம். 6 அடி அகலத்தில் ஒரு துணித் திரை. அதன் மேல் ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக வளைந்து இறங்கும் 8 அடி பலூன் சரம். நடுவில் பெயர், இடையிடையே பூ. அதைப் பார்த்த பிறகு சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவரும் மாறி மாறிக் கேட்டவைதான் கீழே உள்ள கேள்விகள். பிறந்தநாளுக்கும் இதே அளவு, இதே முறைதான்.

மோட்டார் பம்ப், ஸ்டாண்ட் எதுவுமே இல்லை. எங்களிடம் என்ன இருந்தால் போதும்?

ஒரு கை பம்ப், மெல்லிய நைலான் நரம்பு (மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு), கத்தரிக்கோல், மாஸ்கிங் டேப், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், ஊசி நூல். இவை போதும். கை பம்பில், தள்ளும்போதும் இழுக்கும்போதும் காற்று வருகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். தள்ளும்போது மட்டும் காற்று வரும் பம்பில் வேலை இரண்டு மடங்கு.

துணிக்கு வீட்டில் இருக்கிற புடவைகளே போதும். திரையை நிறுத்த இரண்டு வாளி, கொஞ்சம் மணல், பிளம்பிங் குழாய். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எத்தனை பலூன் வாங்க வேண்டும்?

சரத்தின் நீளத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். சுவரில் எப்படி வரவேண்டும் என்று ஒரு கயிற்றை வளைத்துப் பிடித்துப் பார்த்து, பிறகு அந்தக் கயிற்றை அளந்தால் சரியான நீளம் கிடைக்கும். கண்ணால் பார்த்துச் சொல்கிற நீளம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் வளைவு நாம் நினைப்பதைவிட அதிகமாகச் சாப்பிடும்.

10 அங்குலப் பலூனைச் சற்றுக் குறைத்து ஊதி, நான்கு நான்காகக் கொத்துக் கட்டினால் ஒரு கொத்து ஏறக்குறைய அரை அடி இடத்தை நிரப்பும். 8 அடிக்கு 16 கொத்து, அதாவது 64 பலூன். அப்புறம் இடைவெளிகளில் ஒட்ட 5 அங்குலச் சின்ன பலூன் 30. கண்ணை இழுக்க 12 அங்குலப் பெரிய பலூன் 6. மொத்தம் 100. நாங்கள் 115 வாங்கினோம். ஊதும்போது வெடிப்பது, வாயில் கிழிந்திருப்பது, நிறம் திட்டுத்திட்டாக இருப்பது என்று சில போகும்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. நாங்கள் வெள்ளை, இளம் பச்சை, சந்தன நிறம் எடுத்தோம். ஐந்தாறு நிறம் சேர்ந்தால் அருகில் நின்று பார்க்க நன்றாக இருக்கும், படத்தில் மட்டும் பூவும் தெரியாது, பெயரும் தெரியாது.

கடையில் கட்டுகிற சரம் வழுவழுவென்று உருண்டையாக இருக்கிறது. நாங்கள் ஊதினால் பேரிக்காய் மாதிரி ஆகிறது. ஏன்?

அதிகமாக ஊதுவதுதான் காரணம். 10 அங்குலம் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது அந்தப் பலூன் தாங்கும் முழு அளவு. அதை எட்டும்போது ரப்பர் விரிய இடமில்லாமல் கழுத்துப் பக்கம் இழுபட்டுப் பேரிக்காய் வடிவம் வந்துவிடும். இறுக்கமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், சுவரில் ஒரு சின்ன உரசல் போதும், வெடித்துவிடும். எட்டரை அங்குலத்தில் நிறுத்துங்கள். பலூன் உருண்டையாக இருக்கும், விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பும். அந்த நெகிழ்வு இருந்தால்தான் கொத்துக் கட்டும்போது பலூன்கள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும்.

எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். இதற்கு ஒரு சுலபமான வழி: மேசை மேல் இரண்டு அடுக்காகப் புத்தகங்களை வையுங்கள், நடுவில் 22 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு. பலூனைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊதி, அந்த இடைவெளியில் வைத்து மெல்லக் காற்றை விடுங்கள். இரண்டு பக்கமும் லேசாக உரசிக்கொண்டு உள்ளே நழுவும் கணத்தில் வாயைப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். நான் இரண்டு அட்டைப் பெட்டிகளை எதிரெதிரே நிறுத்தி இப்படித்தான் செய்தேன். பத்துப் பன்னிரண்டு பலூன் ஆன பிறகு பம்பை எத்தனை தடவை அடித்தால் அந்த அளவு வருகிறது என்று கைக்கே தெரிந்துவிடும், அப்புறம் எண்ணிக்கொண்டே ஊதலாம்.

சின்னப் பலூனை முதலில் இரண்டு கையாலும் நன்றாக இழுத்துவிட்டு ஊதுங்கள். புது ரப்பர் முதல் மூச்சுக்கு விறைப்பாக இருக்கும்.

கொத்தை எப்படிக் கட்டுவது? சரத்தில் கம்பி தெரியாமல் எப்படி வருகிறது?

கம்பி எதுவும் கிடையாது, உள்ளே நரம்பு மட்டும்தான். இரண்டு பலூனை எடுத்து அவற்றின் வால்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுங்கள். அது ஒரு ஜோடி. இன்னொரு ஜோடியும் கட்டுங்கள். இரண்டு ஜோடிகளையும் கூட்டல் குறிபோல் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எதிரெதிரே இருக்கிற இரண்டு பலூனைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் நான்கும் ஒரு பூப் போலப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கொத்து.

நரம்பின் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டி இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கொத்தின் நடுவில் நரம்பை வைத்து ஏதாவது ஒரு பலூனின் கழுத்தைச் சுற்றி, பிறகு எதிர்ப் பலூனின் கழுத்தையும் சுற்றி இழுங்கள். அடுத்த கொத்தை அதோடு நெருக்கித் தள்ளும்போது சற்றுத் திருப்பி வையுங்கள். முதல் கொத்தில் இரண்டு பலூனுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தில் இரண்டாம் கொத்தின் பலூன் உட்கார வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். திருப்பாமல் நேராக வைத்தால் சரத்தில் நான்கு வரிசையாகப் பலூன் நிற்கும், நடுவில் நரம்பு பளிச்சென்று தெரியும். பள்ளத்தில் உட்கார்ந்தால் நரம்பு தெரியவே தெரியாது.

சரம் முழுக்கக் கட்டிய பிறகு திரையில் ஏற்றிவிட்டுத்தான் சின்னப் பலூன்களையும் பெரியவற்றையும் இரண்டு பக்க டேப்பில் ஒட்ட வேண்டும். தரையில் வைத்து ஒட்டினால் தூக்கும்போது பாதி உதிரும். சின்னவற்றை ஒன்று ஒன்றாக ஒட்டாமல் மூன்று மூன்றாகக் கட்டி வைத்தால் இயல்பாக இருக்கும்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது. துணியை எதில் தொங்கவிடுவது?

இங்கே ஒரு விஷயம் தெரிந்தால் பயம் போய்விடும். 100 பலூன் சரம் பார்க்கத்தான் பெரிது, எடை கால் கிலோ சுமார். ஆனால் மூன்று பருத்திப் புடவை சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு வந்துவிடும். கட்டிய பூ அதற்கு மேல். ஆகவே துணிக்குத்தான் உறுதியான பிடி வேண்டும், பலூனுக்கு அல்ல. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: துணியை டேப்பில் ஒட்டிவிட்டுப் பலூனுக்கு ஆணி தேடுகிறார்கள்.

திரைச்சீலைக் கம்பி சரியான சுவரில் இருந்தால் அதிலேயே போடுங்கள். எங்களுக்கு இல்லை. 1 அங்குலக் கனமான பிளம்பிங் குழாயில் 7 அடி இரண்டு, 6 அடி ஒன்று, வளைவு இணைப்பு இரண்டு வாங்கினோம். ஒவ்வொரு வாளியிலும் ஒரு 7 அடிக் குழாயை நிறுத்தி, அடியில் கற்களைச் சுற்றி இறுக்கி, ஈர மணலை விளிம்பு வரை போட்டு மிதித்தோம். மேலே 6 அடிக் குழாயை இணைத்துவிட்டால் கால்பந்துக் கோல் கம்பம்போல் ஆகிவிடும். பசை தேவையில்லை, பிறகு கழற்றிவிடலாம். உலர்ந்த மணலில் குழாய் ஆடும், ஈரம் வேண்டும். மெல்லிய குழாய் வாங்காதீர்கள், நடுவில் தொய்ந்து படத்தில் புருவம்போல் வளைந்து தெரியும். சட்டத்தைச் சுவரை ஒட்டி வைத்து, இரண்டு மேல் மூலையிலும் நரம்பு கட்டி ஜன்னல் கம்பியிலோ கதவு நிலையிலோ இழுத்துவிடுங்கள். குழந்தைகள் துணியைப் பிடித்து இழுத்தாலும் முன்னால் சாயக் கூடாது. இந்தக் கட்டு இல்லாமல் யாரையும் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

பலூன் சரத்தையும் நாங்கள் இந்தக் குழாயிலேயே நான்கு இடத்தில் நரம்பால் கட்டினோம். சுவரைத் தொடவே இல்லை.

துணி அகலத்துக்கு ஒரு கணக்கு: 6 அடித் திரைக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது 9 அடி துணி, அப்போதுதான் மடிப்பு விழும். புடவை ஒவ்வொன்றும் மூன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம், ஆகவே மூன்று. நீளத்தைப் பாதியாக மடித்துக் குழாயின் மேல் போட்டால் இரண்டு அடுக்காக விழும், பின்னால் இருக்கிற சுவர் ஊடாகத் தெரியாது. மிச்ச நீளத்தைப் பின்பக்கம் மடித்துவிடலாம். பட்டு, சாட்டின் வேண்டாம், ஃபிளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டு விழும். ஒரே நிறத்தில் பருத்தி இருந்தால் நல்லது. முதல் நாளே இஸ்திரி போடுங்கள், மடிப்புக் கோடு கேமராவுக்குத் தப்பாது.

சுவரில் டேப் போட்டு ஒட்டினேன், இரவில் எல்லாம் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

எனக்கும் ஒரு பிறந்தநாளில் நடந்தது. சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த சுவர் மாவாக உதிரும், டேப் அந்த மாவில்தான் ஒட்டுகிறது, சுவரில் அல்ல. அன்று டேப்போடு பெயிண்டும் உரிந்து வந்தது. சுவரை விரலால் தேயுங்கள். வெள்ளையாக ஒட்டினால் எந்த டேப்பும் நிற்காது, மேலே சொன்ன குழாய்ச் சட்டம்தான் வழி. விரலில் எதுவும் வராத பெயிண்ட் சுவர் என்றால், ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், அதன் மேல் இரண்டு பக்க டேப்பை ஒட்டுங்கள். எடுக்கும்போது நேராகப் பிய்க்காமல், டேப்பைத் தன் மேலேயே மடித்து மெதுவாக இழுத்தால் பெயிண்ட் தங்கும்.

இன்னொரு எதிரி மேலே சுற்றுகிற மின்விசிறி. எடையால் விழாத சரம் காற்றில் இரவெல்லாம் ஆடியே விழும்.

முந்தின நாளே ஊதி வைக்கலாமா?

தாராளமாக. காற்று ஊதிய பலூன் ஒரு இரவில் பெரிதாகச் சுருங்காது. நாங்கள் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். ஒருவர் ஊத, ஒருவர் முடிச்சுப் போட, 100 பலூனுக்கு ஒன்றரை மணி நேரம். கொத்துக் கட்டிச் சரமாக்க ஒரு மணி நேரம். ஏற்றுவதும் ஒட்டுவதும் முக்கால் மணி. பூவை மட்டும் காலையில்.

வெயிலைத்தான் கவனிக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் பளபளப்பு போய், பலூன் மேல் மாவு பூசியதுபோல் மங்கிவிடும். ரப்பர் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மாறுவதால் வருவது அது, துடைத்தாலும் போகாது. வெயில் சூட்டில் உள்ளே இருக்கிற காற்றும் விரியும், முழுக்க ஊதியது வெடிக்கும். குளிர்சாதன அறையில் ஊதி மொட்டை மாடிக்கு எடுத்துப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் குறைத்து ஊதுங்கள். அடர் நிறங்கள் சூட்டை அதிகமாக வாங்கும். எங்கள் கூடத்தில் காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியாக ஒரு பட்டை வெயில் சரத்தின் மேல் விழும் என்று தங்கை சொன்னாள், ஜன்னலுக்கு ஒரு போர்வை கட்டிவிட்டோம்.

மிதக்கிற பலூனுக்கு வாயு வாங்கலாமா?

இந்த அலங்காரத்துக்குத் தேவை இல்லை, காற்றே போதும். மிதக்கும் பலூன் வேண்டும் என்று நினைத்தால் ஹீலியம் மட்டுமே. ஹீலியம் ஊதிய சாதாரண ரப்பர் பலூன் ஒரு நாள்கூடத் தாங்காது. விலை குறைவு என்று சிலர் ஹைட்ரஜன் நிரப்பித் தருவார்கள், அது தீப்பிடித்து எரியும். கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுகிற அறைக்குள் அதை விடவே கூடாது. எந்த வாயு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

என்ன பூ வைக்கலாம்? பலூன் அருகில் வைத்தால் வாடுமா?

பலூனால் வாடாது, தண்ணீர் இல்லாததால்தான் வாடும். காலையில் கட்டி இரவு வரை நிற்க வேண்டும் என்றால் செண்டுமல்லியும் செவ்வந்தியும் நம்பலாம். செண்டுமல்லி தண்ணீர் இல்லாமலே ஒரு நாள் தாங்கும். சம்பங்கியும் அப்படியே. மல்லிகை சில மணி நேரத்தில் பழுப்பேறும், ரோஜா இதழ் சூட்டில் சுருளும். இவற்றை நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும் வையுங்கள்.

செண்டுமல்லியை ஊசி நூலில் கோர்க்கும்போது பூவின் அடியில் இருக்கிற பச்சைக் கிண்ணத்தின் நடுவில் குத்தி, முகத்தின் வழியே ஊசியை எடுங்கள். ஓரத்தில் குத்தினால் பூ தொங்கும்போது கவிழும். எவ்வளவு பூ வேண்டும் என்பதற்கு, ஒரு அடிச் சரம் கோர்த்துப் பூக்களை எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள், பூவின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். கோர்த்ததை ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து அழுகிவிடும்.

பூச்சரத்தைப் பலூன் மேல் நேராகப் போடாதீர்கள். காம்பின் வெட்டிய முனை பலூனைக் கிழிக்கும். துணியின் பக்க ஓரங்களில் தொங்கவிடுங்கள், அல்லது கொத்துக்களுக்கு நடுவில் நரம்பில் கட்டுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம்.

அரளிப் பூவைத் தவிர்த்துவிடுங்கள். மாலையில் அழகாக இருக்கும், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அந்தச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயதுக் குழந்தைகள் வருகிற இடம் இது.

கைக்குழந்தை இருக்கிறது. பலூன் ஆபத்தா?

ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும்தான் பெரிய ஆபத்து. மெல்லிய ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சை அடைத்துவிடும், எடுப்பதும் கடினம். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் ஊதாத பலூனோடு விளையாடக் கூடாது. ஊதும்போது கீழே விழுந்ததை அப்போதே பொறுக்கிவிடுங்கள். ஊத வேண்டியவற்றை உயரமான இடத்தில் ஒரு பெட்டியில் வையுங்கள்.

தொட்டிலுக்கு மேலே பலூன் கட்டாதீர்கள். வெடித்தால் துண்டு குழந்தை மேல் விழும், சத்தமும் காதருகே கேட்கும். எங்கள் சரம் இடப்பக்கம் இறங்கியது, தொட்டிலை வலப்பக்கம் நான்கடி தள்ளி வைத்தோம். விருந்தினரில் யாருக்காவது ரப்பர் பட்டால் அரிப்பு, மூச்சுத் திணறல் வரும் என்றால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பலூனையே விட்டுவிட்டுப் பூவும் துணியும் மட்டும் வைக்கலாம், அதுவும் அழகுதான்.

பெயரைத் தமிழில் எழுத ஃபாயில் எழுத்து கிடைக்கவில்லையே?

சார்ட் அட்டையில் வெட்டுவதுதான் நல்லது. கணினியில் ஒரு தாளுக்கு ஓர் எழுத்தாகப் பெரிதாக அச்சடித்து, அதை அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். 7 அங்குல உயரம் இருந்தால் பத்தடி தள்ளி எடுக்கும் படத்தில் தெளிவாகத் தெரியும். தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு: புள்ளியும் காலும் கொம்பும் தனித் துண்டாகப் பிரிந்துவிடும். ‘யாழினி’யில் ‘யா’வின் கால் தனியாக வரும், ‘ழி’, ‘னி’ இரண்டும் ஒட்டியே இருக்கும். மெய்யெழுத்து உள்ள பெயரில் புள்ளிகள் தொலைந்துவிடும். ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் முழுசாக இன்னொரு வெளிர் நிற அட்டையில் ஒட்டி, அதன் விளிம்பை அரை அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். புள்ளியும் காலும் சரியான இடத்தில் நிற்கும், துணியிலிருந்து எழுத்து எடுப்பாகவும் தெரியும். துணியில் பின்பக்கமிருந்து நூல் தையல் இரண்டு போட்டால் விழாது.

படத்தில் முகம் இருட்டாக வருகிறது.

திரை ஜன்னலுக்கு முன்னால் இருக்கும். எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். உட்காருகிறவர்களைத் துணியிலிருந்து இரண்டரை அடி முன்னால் உட்கார வையுங்கள், அப்போது அவர்கள் நிழல் பெயரின் மேல் விழாது. பெயர் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு ஓரடி மேலே வர வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, மாமாவை உட்கார வைத்துப் படம் எடுத்துப் பார்த்தோம். பெயர் அவர் தலைக்குப் பின்னால் மறைந்தது, ஒரு அடி உயர்த்தினோம்.

முடிந்ததும் எப்படிக் கழற்றுவது?

குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, பலூனின் முடிச்சுக்குப் பக்கத்தில் கழுத்தைக் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டுங்கள். காற்று மெதுவாக இறங்கும், வெடித்துத் துண்டு பறக்காது. நரம்பையும் குழாயையும் எடுத்து வையுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். கடைசியில் சோபாவுக்கு அடியில் ஒரு விளக்குமாற்றை விட்டுப் பாருங்கள். எங்களுக்கு அங்கே மூன்று ரப்பர் துண்டு கிடைத்தது.